காய்ச்சல் நாளில் மேலாளருக்கு என்ன எழுதுவது? கேள்வி பதில்

(பதிலளிப்பவர் தனியார் நிறுவனப் பணியாளர் பிரிவில் விடுப்புப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் கவனித்தவர்.)

கேள்வி: காலை 8.50க்கு, "சார் ஃபீவர், இன்னைக்கும் நாளைக்கும் வர முடியாது, லீவு போட்டுக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மேலாளருக்குக் கோபம். எப்படி எழுதியிருக்க வேண்டும்? (கணக்குப் பிரிவு ஊழியர்)

பதில்: "போட்டுக்கோங்க" என்பது வேண்டுகோளாக இல்லாமல் உத்தரவாக ஒலிக்கிறது. "இன்னைக்கும் நாளைக்கும்" என்பதோ, செய்தி பணியாளர் பிரிவுக்கு மறுநாள் அனுப்பப்பட்டால் எந்த நாள்களைக் குறிக்கிறது என்றே தெரியாமல் போகும். ஆனாலும் மேலாளரை எரிச்சலூட்டியது பெரும்பாலும் இவையல்ல. உங்கள் மேசையில் நிற்கும் வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான். நான் இப்படி மாற்றுவேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நேற்றிரவு முதல் காய்ச்சலாக இருப்பதால் 12-08-2025, 13-08-2025 ஆகிய இரு நாள்களும் பணிக்கு வர இயலாத நிலையில் உள்ளேன். இந்நாள்களுக்கு மருத்துவ விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 11ஆம் தேதி வரையிலான விற்பனைப் பட்டியல்களைப் பதிவு செய்துவிட்டேன். தங்கள் கையொப்பத்துக்கான இரண்டு காசோலைகள் என் மேசையின் மேல் இழுப்பறையில் உள்ளன. அவசரமெனில் மாலை 4 மணிக்குப் பின் என்னை அழைக்கலாம். 14ஆம் தேதியும் வர இயலாவிட்டால் முந்தைய நாள் மாலைக்குள் தெரிவிக்கிறேன்."

வாட்ஸ்அப்பில் அனுப்பியது தவறில்லை. அதே வாசகத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டால் பதிவு நிற்கும்.

கேள்வி: மருத்துவச் சான்றிதழ் இணைக்காத விடுப்புக் கடிதம் செல்லாதே, அதை ஏன் சொல்லவில்லை? (ஆலை மேற்பார்வையாளர்)

பதில்: உங்கள் ஆலையில் அது சரியாக இருக்கலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவர் நோய்க்காலப் பணப்பயன் பெற வேண்டுமெனில், அத்திட்டத்தின் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஆனால் காய்ச்சலில் படுத்திருப்பவர் முதல் நாள் காலையிலேயே சான்றிதழுடன் எழுத வேண்டுமென எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எத்தனை நாளுக்கு மேல் சான்றிதழ் தேவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், "பணிக்குத் திரும்பும்போது சமர்ப்பிக்கிறேன்" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

கேள்வி: எனக்குக் கர்ப்பப்பை தொடர்பான சிகிச்சை. ஆண் மேலாளரிடம் காரணத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: "மருத்துவச் சிகிச்சை காரணமாக" என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். மேலாளர் திட்டமிடுவதற்கு நாள்கள்தாம் தேவை, நோயின் பெயர் தேவையில்லை. சான்றிதழைப் பணியாளர் பிரிவுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அப்படியொரு பிரிவே இல்லாத சிறு நிறுவனங்களில், முதலாளி வற்புறுத்திக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

கேள்வி: என் மகனுக்குத்தான் காய்ச்சல். மேலே உள்ள கடிதத்தை அப்படியே அனுப்பலாமா?

பதில்: கூடாது. அது உங்கள் உடல்நிலையைப் பற்றிய கடிதம். மகனின் காய்ச்சலை உள்ளபடியே எழுதித் தற்செயல் விடுப்புக் கேளுங்கள். வேலை நிலவரம் பற்றிய வரிகளை மட்டும் உங்கள் பணிக்கேற்ப மாற்றி வைத்துக்கொள்ளலாம்.