அனலைசரில் 8, 6, ஆனால் மொத்தம் 10 ஆம்பியர்தானா?

"அம்பத்தூரில் எங்கள் பட்டறை, 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். அனலைசர் 50 ஹெர்ட்ஸில் 8 ஆம்பியர், 150 ஹெர்ட்ஸில் 6 ஆம்பியர், மொத்தம் 10 என்கிறது. 14 வர வேண்டாமா? வாட்ஸும் 1840தான். கெபாசிட்டர் போடலாமா?"

அனலைசர் சரியாகத்தான் சொல்கிறது, சார். அதிர்வெண் வேறு வேறு என்றால் ஆர்எம்எஸ் மதிப்புகளை நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: √(64+36) = 10.

வாட்ஸ் கதை வேறு. வோல்டேஜ் சுத்தமான சைன் அலையாக இருந்தால், 150 ஹெர்ட்ஸ் கரண்ட் தருவதை ஒவ்வொரு அரை சுற்றுக்குள்ளேயே திருப்பி எடுத்துக்கொள்ளும், சராசரி பூஜ்யம். வேலை செய்வது அந்த 8 ஆம்பியர் மட்டும்தான்: 230 × 8 = 1840. உங்கள் எண் அப்படியே பொருந்துவதால், அந்த 8 ஆம்பியர் வோல்டேஜோடு ஃபேஸில்தான் இருக்கிறது. பவர் ஃபேக்டர் 1840/2300 = 0.8.

அதனால் கெபாசிட்டர் வேண்டாம். ஈடுகட்ட இங்கே லேக்கிங் கரண்டே இல்லை. 150 ஹெர்ட்ஸ் என்ற மூன்றாம் ஹார்மோனிக்கில் கெபாசிட்டர் சூடாகவும் செய்யும். ஹார்மோனிக் ஃபில்டர் அல்லது பவர் ஃபேக்டரைத் திருத்தும் பிஎஃப்சி உள்ள சப்ளைதான் வழி.

வோல்டேஜிலேயே 5 வோல்ட் மூன்றாம் ஹார்மோனிக் இருந்தால், அதிகபட்சம் 5 × 6 = 30 வாட்ஸ் கூடும் அல்லது குறையும். பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வயரைப் பற்றி. சூடு 64 அல்ல, 100 என்ற கணக்கில் ஏறும். அப்புறம், இதே லோடை மூன்று ஃபேஸிலும் போட்டால் 6 ஆம்பியர்கள் நியூட்ரலில் அப்படியே கூடி 18 ஆகிவிடும். ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரை நியூட்ரலில் மாட்டிப் பாருங்கள்.