காற்று திரும்பும் நேரம்

அன்புள்ள அண்ணா,

பர்கூர் பக்கம் இருக்கிறேன். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் மைசூர்ப் போரின்போது படைகளுக்குப் பயந்து கிருஷ்ணகிரி மலைக்கு அடியில் ஒளிந்த முந்நூறு பேர், வெளியே வராமல் அங்கேயே தலைமுறைகளாக வாழ்கிறார்கள் என்பதுதான் கதை. வெளிறிய தோல், பெரிய கண்கள், நூறு விளக்குகள் எரியும் அரச மண்டபம், விளக்கு வைத்திருப்பவனுக்கே அதிகாரம் என்று அமைத்திருக்கிறேன். படித்த நண்பர்கள் நம்ப முடியவில்லை என்கிறார்கள். எங்கே தவறுகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் இருட்டிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். காற்றிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் இல்லாமல் மனிதர்கள் பல மாதம் தாக்குப்பிடிப்பார்கள். காற்று ஓடாவிட்டால் ஒரே நாளில் திணறிவிடுவார்கள். உங்கள் மக்களின் வழக்கம், பகை, அதிகாரம் எல்லாமே அங்கிருந்துதான் வரும்.

முதலில் மண்டபத்தைப் பார்ப்போம். ஒரு மெழுகுவர்த்திச் சுடர், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் செலவழிக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டப் பிராணவாயுவைத் தின்றுவிடும். நூறு விளக்கு என்றால் கூடுதலாக நூறு ஆட்கள் மூச்சு விடுவதுபோலத்தான். முந்நூறு பேர் உள்ள ஊரில் எந்த அரசனாலும் அதைச் செய்ய முடியாது. அங்கே தலைக்கட்டு எண்ணும்போது விளக்கையும் ஒரு தலையாக எண்ணுவார்கள். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த வீட்டின் ஒரு விளக்கு அணைக்கப்படும். இப்படி ஒரு சடங்கு உங்கள் நாவலில் இருந்தால் விளக்கமே தேவைப்படாது.

அடுத்து, கிருஷ்ணகிரிப் பாறை. சுண்ணாம்புக் கல்லில் நீர் கரைத்துக் குகை உண்டாக்கும். நம் கருங்கல்லில் அப்படி நடக்காது. உருண்டைப் பாறைகளின் இடுக்குகள்தான் உண்டு, மற்றதெல்லாம் குடைந்தாக வேண்டும். பழைய முறையில், பாறைமேல் தீ மூட்டிச் சூடாக்கி விரிசல் விடவைத்துப் பெயர்ப்பார்கள். வேலை மிக மெதுவாகத்தான் நகரும். அதைவிட முக்கியம், அந்தத் தீயும் அதே காற்றைத்தான் தின்னும். ஆக, இன்னொரு அறை வேண்டும் என்று கேட்பதே அங்கே அரசியல்.

காற்று எப்படி ஓடும்? உங்கள் ஊருக்கு இரண்டு வாய் வையுங்கள். ஒன்று மலையடியில், இன்னொன்று அறுபது மீட்டர் மேலே. உள்ளே பாறையின் வெப்பம் ஆண்டு முழுக்க 26 டிகிரி அளவில் நிற்கும். மார்கழி இரவில் வெளியே 16 டிகிரி இருக்கும்போது உள்ளே இருப்பது சூடான, லேசான காற்று. அது மேல்வாய் வழியாகப் போகும், கீழ்வாய் வழியாகப் புதுக்காற்று வரும். சித்திரை மதியம் 38 டிகிரி என்றால் எல்லாம் தலைகீழ். உள்ளே இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று கீழ்வாய் வழியாக வழிந்துபோகும், மேல்வாய் வழியாக வெளிக்காற்று இறங்கும். சுரங்கக்காரர்களுக்கு இது பழகிய விஷயம்.

இதில் இரண்டு விஷயங்கள் உங்களுக்கு முக்கியம். திசை மாறும் நேரத்தில், உள்ளும் வெளியும் ஒரே வெப்பத்துக்கு வரும்போது, காற்று நின்றுவிடும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டக்கூடாது, கூத்து ஆடக்கூடாது, சண்டை போடக்கூடாது என்று விதி இருக்கும். இரண்டாவது, சூரியனைப் பார்க்காதவர்களுக்கு அதுவே கடிகாரம். காற்று ஒருமுறை உள்ளே திரும்பி ஒருமுறை வெளியே திரும்பினால் ஒரு நாள். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே எடுத்தபோது ஆகஸ்ட் 20 என்றே நினைத்திருந்தார். உங்கள் மக்களுக்கு அப்படி நாள் தவறாது, காற்று தினமும் திரும்பிக்கொண்டிருக்கும் வரைக்கும்.

ஆனால் ஐப்பசியில் அடைமழை பிடித்தால்? பகலும் இரவும் 24, 25 டிகிரியிலேயே கிடக்கும். காற்று திரும்பாது, ஓட்டமும் மெலிந்து கடைசி அறைவரை எட்டாது. அப்போது கடைசி அறையில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம். உள்ளே நாற்பது பேர். ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுவார். 400 கன மீட்டர் அறையில் அது மணிக்கு 0.2 சதவீதம் ஏறும். பதினைந்து மணி நேரத்தில் 3 சதவீதம். தலைவலி வந்திருக்கும், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். விளக்கு மங்கினாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும், ஏனென்றால் பிராணவாயு 16, 17 சதவீதம் வரை குறைந்தால்தான் சுடர் அணையும்.

நம் பக்கம் நிலத்தடிக் குழியில் ராகி சேர்த்து வைத்தவர்கள், மூடியைத் திறந்ததும் இறங்க மாட்டார்கள். தானியமும் மூச்சு விட்டுக் குழியைக் கெட்ட காற்றால் நிரப்பியிருக்கும். காற்றாட விட்டு, விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவார். அங்கே அந்தச் சோதனை பயன்படும், உங்கள் கடைசி அறையில் அது தாமதமான எச்சரிக்கை. ஆகவே உங்கள் கதையில் கெட்ட காற்றை முதலில் அறிவிப்பவர் தலைவலிக்காரப் பெரியம்மாவாக இருக்கட்டும். அவர் பேச்சுக்கு ஊரே எழுந்து நகர வேண்டும்.

இதற்குத் தீர்வு ஒன்று உண்டு. மேல்வாயின் அடியில் ஒரு உலை எரித்தால் சூட்டில் காற்று மேலே இழுபடும். ஐரோப்பியச் சுரங்கங்களில் இதை நெடுங்காலம் செய்தார்கள். ஆனால் விறகு மேலே காட்டிலிருந்துதான் வர வேண்டும். சோறும் அப்படித்தான்: காளான் வளர்க்கக்கூட மேலிருந்து குப்பையும் சாணமும் இறங்கியாக வேண்டும். எனவே "வெளியே வரவே இல்லை" என்பதைக் கைவிடுங்கள். இரவில் வெளியேறி விறகும் தானியமும் கொண்டுவரும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதுதான் உலையை வைத்திருக்கிறது.

அவர்களுக்கு எதிர்க்கட்சி கதவுக்காரர்கள். காற்று எப்போதும் குறுக்குவழியில்தான் போகும். நடுவில் ஒரு கதவைத் திறந்து போட்டால், புதுக்காற்று நேராக மேல்வாய்க்குப் போய்விடும், கடைசி அறை மூச்சுத் திணறும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கதவைத் திறந்து மூடச் சின்னக் குழந்தைகளை இருட்டில் உட்கார வைத்தார்கள். 1842இல் சட்டம் போட்டுத்தான் பத்து வயதுக்குக் குறைந்தவர்களை நிறுத்தினார்கள். உங்கள் ஊரில் கொலையைவிடப் பெரிய குற்றம் கதவைத் திறந்து வைப்பது. ஒரு பணக்காரக் குடும்பம் தங்கள் அறைக்கென்று ரகசியமாக ஒரு துளை குடைந்தால் அதுவும் அதே குற்றம்தான். அவர்களுக்கு நல்ல காற்று, கடைசி அறைக்கு மிச்சம் எதுவுமில்லை. உங்கள் நாவலின் சண்டை இதுவாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

வெளிறிய தோலும் பெரிய கண்ணும் சில தலைமுறையில் வராது. வருவது எலும்பு நோய். வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்து குழந்தைகளின் கால் வளையும். இடுப்பெலும்பு குறுகிய பெண்ணுக்குப் பிரசவம் உயிருக்கே ஆபத்தாகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறை நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஒகேனக்கல் தண்ணீரை இங்கே கொண்டுவந்ததே அதற்காகத்தான். கசிவுநீரைக் குடிப்பவர்களுக்கு அதுவும் எலும்பில் ஏறும். ஆகவே கீழ்வாயின் வெயில் விழும் திட்டில் யார் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதில் பெரும் சண்டை நடக்கும். மார்கழிக் காலையில் அந்த இடத்துக்கு வெயிலும் உண்டு, புதுக்காற்றும் உண்டு. சித்திரை மதியத்தில் ஊரின் மொத்தக் கெட்ட காற்றும் அதே வாய் வழியாகத்தான் வெளியேறும். கீழ்வாயில் குடியிருக்கும் குடும்பம் குளிர்காலத்தில் செல்வாக்காகவும் கோடையில் மேல்வாய்க்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டும் இருக்கும்.

மலையின் குறுக்குவெட்டு ஒன்று வரையுங்கள். இரண்டு வாயின் உயரம், ஒவ்வொரு கதவு, கடைசி அறையில் எத்தனை பேர் என்று குறியுங்கள். அப்புறம் நாவலைத் திருத்துங்கள். படம் தயாரானதும் அனுப்புங்கள், கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்