கடைசி வகுப்பில் சொல்லாமல் விட்டது

பதினான்கு மாதமாக ஒரே ஹாலில், ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து குரூப் 4 படித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வும் எழுதிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை கேக் வெட்டும்போது "சார் ஏதாவது பேசுங்க" என்றீர்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பாடம் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

இப்போது எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள். யூடியூபில் நாலு பேருடைய ஆன்சர் கீயை வைத்துக் கூட்டிப் பார்ப்பது, ஒருவர் கணக்கில் 165 சரி, இன்னொருவர் கணக்கில் 158, அதை வைத்து ராத்திரி தூங்காமல் இருப்பது. தேர்வாணையம் உத்தேச விடையை வெளியிடும். அதில் தவறு தெரிந்தால் ஆட்சேபணை தெரிவிக்க ஒரு வாரம் தருவார்கள், ஆதாரப் புத்தகத்தின் பக்கத்தோடு தெரிவியுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். ரிசல்ட் வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைப் பற்றித்தான் பேச வந்தேன். இத்தனை வருடத்தில் மார்க் இருந்தும் வேலை போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குப் போனது காகிதத்தால்தான்.

முதலில் பிஎஸ்டிஎம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் வந்தது. அப்போது, பதவிக்குக் கேட்கும் தகுதியைத் தமிழில் படித்திருந்தால் போதும் என்று இருந்தது. 2020-இல் திருத்தம் வந்த பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தகுதி வரைக்கும் முழுக்கத் தமிழ்வழியாக இருக்க வேண்டும். குரூப் 4-க்கு அது ஒன்றிலிருந்து பத்து வரை. நம்மில் பலர் "நான் கவர்மெண்ட் ஸ்கூல்தான் சார்" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் 'ஆம்' போட்டுவிட்டீர்கள். சரி, எந்த கவர்மெண்ட் ஸ்கூல்? எத்தனை ஸ்கூல்?

மூன்று பேட்சுக்கு முன்னால் கரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி. நல்ல ரேங்க். அப்பா பனியன் கம்பெனியில் வேலை பார்த்ததால் மூன்றாம் வகுப்பு வரை திருப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், அப்புறம் ஊருக்கு வந்து நாலும் ஐந்தும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆறிலிருந்து பத்து வரை பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பத்தாவது முடித்த பள்ளியில் மட்டும் பிஎஸ்டிஎம் சான்றிதழ் வாங்கி அப்லோடு செய்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். அந்தத் தாளில் '6 முதல் 10 வரை' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதை அவளும் பார்க்கவில்லை, எடுத்துக் கொடுத்த நானும் பார்க்கவில்லை (என் மேலும் தப்பு இருக்கிறது). ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கு ஆதாரம் இல்லை, குறித்த தேதிக்குள் ஏற்று என்று மெசேஜ் வந்தபோதுதான் ஓட ஆரம்பித்தோம்.

ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். திருப்பூர் பள்ளியைத் தேடிப் போனால் அந்த இடத்தில் குடோன் இருக்கிறது, பள்ளியை மூடிப் பல வருடம் ஆயிற்று. மூடிய பள்ளியின் பதிவேடுகள் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கும், அங்கேதான் கேட்க வேண்டும். முதல் தடவை போனபோது எந்த வருடம் சேர்ந்தாய், டிசி நகல் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய அம்மா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து இரண்டாம் வகுப்பு ப்ரோக்ரஸ் கார்டை எடுத்தார், அதில் சேர்க்கை எண் இருந்தது, அதை வைத்து மூன்றாவது தடவை போய்ப் பதிவேட்டைக் கண்டுபிடித்து, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சான்றிதழ் கையில் வந்தது. இப்போது அவள் இளநிலை உதவியாளர்.

அதே பேட்சில் ஒரு தம்பிக்கு அது நடக்கவில்லை. அவனுக்கும் பழைய பதிவேடு கிடைத்தது, ஆனால் முதல் இரண்டு வகுப்பு ஆங்கில வழி என்று அதில் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது ஞாபகமே இல்லை. தமிழ்வழி முன்னுரிமை போயிற்று, அது இல்லாமல் அவன் ரேங்க் போதவில்லை.

அதனால் இந்த வாரமே உட்கார்ந்து ஒரு தாளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதுங்கள்: எந்த வருடம், எந்தப் பள்ளி, எந்த வழி. அம்மாவிடமும் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும், அறிவிக்கையில் இருக்கும் அதே படிவத்தில், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டு என்று இருக்க வேண்டும். போனதோடு போனதாகப் பிளஸ் டூவுக்கும் டிகிரிக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள், நாளைக்குக் குரூப் 2 எழுதினால் பட்டம் வரைக்கும் கேட்பார்கள்.

சாதிச் சான்றிதழில் ஒரே ஒரு விஷயம், கல்யாணமான தங்கச்சிகளுக்கு. கணவர் பெயர் போட்டு வாங்கிய சான்றிதழ் செல்லாது, அப்பா பெயரில்தான் இருக்க வேண்டும். மத்திய அரசுத் தேர்வுக்காக வாங்கிய ஓபிசி சான்றிதழைக் கொண்டுபோய் இங்கே ஏற்றாதீர்கள், அது வேறு, இது வேறு.

அடுத்தது டைப்ரைட்டிங். வகுப்பில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சில் சிரிப்பு வரும். தட்டச்சர் பதவிக்குக் கட் ஆஃப் மற்றதைவிடக் குறைவாக நிற்கிறது, காரணம் ரொம்ப எளிது, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு. சம்பள நிலை இளநிலை உதவியாளருக்கு உள்ள அதே நிலைதான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்: அறிவிக்கை வந்த தேதியிலேயே தகுதி கையில் இருக்க வேண்டும். இன்றைக்கு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தால் நீங்கள் எழுதிய தேர்வுக்கு அது உதவாது, அடுத்த அறிவிக்கைக்குத்தான். லோயர் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. அரசுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் போதும். இரண்டு மொழியிலும் ஹையர் இருப்பவர்களை முதலில் எடுப்பார்கள், அதனால் லோயரோடு நிறுத்தாதீர்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் செய்வதற்கு இதைவிட உருப்படியான வேலை எனக்குத் தெரியவில்லை. கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்யலாம்.

இனி ரிசல்ட் வந்த பிறகு. ரேங்க் பார்த்ததும் மொத்த ரேங்கைப் பார்த்து அழாதீர்கள். நூறு இடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 31 இடம் பொதுப் போட்டிக்கு, எந்தச் சாதியாக இருந்தாலும் மொத்த ரேங்க்படி போகும். மீதி 69 இடஒதுக்கீடு. நீங்கள் பிசி என்றால் அதில் சுமார் 26 இடம் உங்களுக்கு, அங்கே பார்ப்பது உங்கள் இனவாரி ரேங்கைத்தான். அந்த 26-க்குள்ளேயே பெண்களுக்கு 30 சதவீதம், தமிழ்வழிக்கு 20 சதவீதம், அதாவது ஐந்து இடம். ஆகவே "மொத்தத்தில் எண்ணாயிரம்" என்று ஒருவரும் "மொத்தத்தில் ஆறாயிரம்" என்று இன்னொருவரும் போனால் எண்ணாயிரத்துக்குக் கிடைத்து ஆறாயிரத்துக்குக் கிடைக்காமல் போகலாம், அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சான்றிதழ் சரிபார்ப்புக்கு இடத்தைவிட அதிகம் பேரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள் என்றதும் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டுப் பிறகு தலை காட்ட முடியாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கலந்தாய்வில் உங்கள் முறை வரும்போது, எந்தப் பதவியில், எந்தத் துறையில், எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் இருக்கும். யோசிக்கச் சில நிமிடம்தான். எடுத்தால் எடுத்ததுதான், மாற்ற முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பத்துப் பதினைந்து விருப்பத்தை வரிசையாக எழுதி வைத்திருக்க வேண்டும். எல்லோரும் "வீட்டுக்குப் பக்கத்தில்" என்ற ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள். என் கருத்து வேறு. சின்னத் துறையில் சேர்ந்தால் வேலை லேசாக இருக்கலாம், ஆனால் மேலே இருக்கும் உதவியாளர் பதவிகளே குறைவு, ஒருவர் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு வழி. வருவாய்த் துறையில் வேலை பிழிந்தெடுக்கும், தேர்தல், வெள்ளம், இலவச வேட்டி சேலை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும், ஆனால் இளநிலை உதவியாளராக நுழைந்தவர் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் வரை போகிற பாதை அங்கே இருக்கிறது. விஏஓ என்றால் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கணவர் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள், கலந்தாய்வு ஹாலுக்கு வெளியே நின்று போனில் பேசாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி இருக்கும். துறைத் தேர்வுகள் மே, டிசம்பரில் வரும். 'அக்கவுண்ட் டெஸ்ட்'டை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். படிக்கும் பழக்கம் உங்களுக்கு இப்போது இருக்கிறது, இரண்டு வருடத்தில் போய்விடும், அப்புறம் பதவி உயர்வுப் பட்டியலில் உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் நிற்பார்.

வேலை கிடைக்காதவர்களிடம் பேசுவதுதான் எனக்குக் கஷ்டம். பட்டம் படித்த, இடஒதுக்கீட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்குக் குரூப் 4-இல் பல பதவிகளுக்கு மேல் வயது வரம்பே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே 37 வயதில், இரண்டு குழந்தையோடு, மாமனார் காசில் டெஸ்ட் பேட்ச் எழுதுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். முழுநேரமாகப் படித்து இரண்டு தேர்வு எழுதியாயிற்று என்றால், மூன்றாவதை வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். பத்து மார்க்குக்குள் தவறியவர்களுக்கு அது முடியும். ஐம்பது மார்க் தள்ளி நிற்கிறவர்கள் என்னிடம் தனியாக வாருங்கள், இந்தத் தேர்வை விடச் சொல்வேனோ என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். சிலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், ஒருவர் இன்றைக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்து என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார்.

அகாடமி சனிக்கிழமை வரை திறந்திருக்கும். பிஎஸ்டிஎம் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வாசல் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன், எத்தனை பள்ளியில் படித்தீர்களோ அத்தனை எடுத்துக்கொள்ளுங்கள். லைப்ரரிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் வரும்போது கொண்டுவந்துவிடுங்கள், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் மட்டும் நாலு பிரதி காணோம்.