விற்பனை விலை குறைந்தால் எவ்வளவு நட்டம் எழுதுவது?

கேள்வி: எங்கள் மெஷினின் புத்தக மதிப்பு 12 லட்சம். இன்று விற்றால் 7 லட்சம்தான் கிடைக்குமாம். 5 லட்சம் நட்டம் எழுத வேண்டுமா? எந்தக் கணக்கில்?

பதில்: உடனே 5 லட்சத்தை எழுதிவிடாதீர்கள். சந்தை விலை சரிந்தது, மதிப்பிழப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு அறிகுறிதான். சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 36-இன்படி, புத்தக மதிப்பை மீட்கத்தக்க தொகையோடு ஒப்பிட வேண்டும். மெஷினை விற்றால் கையில் நிற்பது ஒன்று, வைத்து ஓட்டினால் கிடைப்பது இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுவே மீட்கத்தக்க தொகை.

உங்கள் மெஷினை 20 லட்சத்துக்கு வாங்கி, 10 ஆண்டு ஆயுளில் 4 ஆண்டு ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கழற்றும் செலவு, தரகு எல்லாம் 50 ஆயிரம் போனால் விற்பனையில் நிற்பது 6.5 லட்சம். மீதி 6 ஆண்டும் ஓட்டினால் ஆண்டுக்கு நிகரமாக 2 லட்சம் வரும் என்றால், மொத்தம் 12 லட்சம். 'புத்தக மதிப்பும் 12 லட்சம்தானே, நட்டமே இல்லையே' என்று பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆறாம் ஆண்டில் வரும் 2 லட்சம் இன்றைய 2 லட்சம் ஆகாது. 10 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 1.13 லட்சம்தான். ஆறு ஆண்டுகளையும் இப்படிக் கூட்டினால் 8.71 லட்சம் வருகிறது. இது 6.5 லட்சத்தைவிட அதிகம் என்பதால் இதையே எடுக்க வேண்டும். ஆக நட்டம் 3.29 லட்சம்.

இந்த வரவுகளில் கடன் வட்டி, வருமான வரி இரண்டையும் சேர்க்காதீர்கள். தள்ளுபடி விகிதமும் வரிக்கு முந்தையதாக இருக்கட்டும். மெஷின் தனியாக வருமானம் ஈட்டாமல் ஒரு உற்பத்தி வரிசையின் பகுதியாக ஓடினால், அந்த வரிசை முழுவதையும் ஒரே அலகாக வைத்துச் சோதிக்க வேண்டும்.

சரி, பதிவு எப்படி? மதிப்பிழப்பு நட்டக் கணக்கில் 3.29 லட்சம் பற்று, திரண்ட மதிப்பிழப்புக் கணக்கில் அதே தொகை வரவு. நட்டம் இந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். முன்பு மறுமதிப்பீடு செய்து மெஷினின் மதிப்பை ஏற்றியிருந்தால் மட்டும், அந்த உபரியில் முதலில் கழித்து, மிஞ்சியதை இலாப நட்டத்துக்குக் கொண்டுபோங்கள். திரண்ட தேய்மானத்தோடு இதைக் கலக்காமல் தனிக் கணக்காக வைப்பதே நல்லது. பின்னால் நட்டத்தைத் திருப்ப நேர்ந்தால் தேட வேண்டியிருக்காது.

அப்புறம் தேய்மானம். இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். இனி 8.71 லட்சத்தை 6 ஆண்டுக்குப் பிரிக்க வேண்டும்; ஆண்டுக்கு 2 லட்சமாக இருந்தது சுமார் 1.45 லட்சமாகும்.

இரண்டு ஆண்டு கழித்து ஆர்டர்கள் திரும்பி, மீட்கத்தக்க தொகை 9 லட்சம் ஆனாலும் புத்தக மதிப்பை அந்த அளவுக்கு ஏற்ற முடியாது. மதிப்பிழப்பே நடக்காதிருந்தால் அன்று புத்தகத்தில் 8 லட்சம் இருந்திருக்கும், அதுவே உச்சவரம்பு. அப்போதைய புத்தக மதிப்பு 5.81 லட்சம் என்பதால், அதிகபட்சம் 2.19 லட்சத்தைத் திருப்பலாம்.