ஸ்டார்ட்-ஸ்டாப் கார் பேட்டரி: சாதாரணமானது ஏன் தாங்குவதில்லை

கேள்வி: பெங்களூரில் ஓட்டும் பெட்ரோல் கார், ஸ்டார்ட்-ஸ்டாப் உண்டு. பேட்டரி மாற்ற வேண்டும். கடைக்காரர் "இஎஃப்பி, ஏஜிஎம் எல்லாம் எதுக்கு சார், சாதாரண பேட்டரியே போதும், காசு மிச்சம்" என்கிறார். போடலாமா?

போட வேண்டாம். சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைத்துத் திரும்ப எழுப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் வருவது இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரி. சாதாரண பேட்டரி போட்டாலும் வண்டி முதல் நாள் ஜோராக ஸ்டார்ட் ஆகும். கடைக்காரர் சொல்வது அந்த அளவில் உண்மைதான். பிரச்சினை ஸ்டார்ட் செய்வதில் இல்லை, திரும்பச் சார்ஜ் ஏறுவதில் இருக்கிறது. நான் வண்டி எலெக்ட்ரிகல் வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு இத்தனை முறை ஸ்டார்ட் ஆவதால்தான் பேட்டரி தேய்கிறது என்று நினைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கணக்குப் போட்டால் கதை வேறு மாதிரி வருகிறது.

சில்க் போர்டு சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கிறீர்கள், எஞ்சின் அணைகிறது. ஏசி காற்றாடி, விளக்குகள், திரை, பாட்டு, வண்டியின் கணினிகள் எல்லாம் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுமார் 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு அரை ஆம்பியர்-மணி போய்விடும். பிறகு கிளட்சை மிதித்ததும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது. அது 300 ஆம்பியர் இழுத்தாலும் முக்கால் வினாடிக்குள் வேலை முடிந்துவிடுவதால் செலவு 0.06 ஆம்பியர்-மணிதான். அதாவது நின்ற நேரத்தில் விளக்கும் காற்றாடியும் தின்றதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டும் சேர்த்து 0.56. உங்கள் பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்றால் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆழமில்லாத சின்னச் சுற்று.

இப்போது வண்டி இரண்டு நிமிடம் ஊர்ந்து அடுத்த சிக்னலுக்குப் போகிறது. ஆல்டர்னேட்டரால் 100 ஆம்பியர் கொடுக்க முடியும், ஆனால் எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதைப் பேட்டரிதான் முடிவு செய்யும். புதிதாக இருக்கும்போது 30 ஆம்பியர் வாங்கினால் இரண்டு நிமிடத்தில் ஒரு ஆம்பியர்-மணி திரும்பி வந்துவிடும், போனதைவிட அதிகம். சில மாதம் கழித்து அதே பேட்டரி 12 ஆம்பியர்தான் வாங்குகிறது என்றால் 0.4 மட்டுமே திரும்பும். ஒவ்வொரு சிக்னலிலும் 0.16 துண்டு விழுகிறது. காலையில் பதினைந்து நிறுத்தம், மாலையில் பதினைந்து நிறுத்தம் என்றால் நாளுக்கு 4.8 ஆம்பியர்-மணி, அதாவது எட்டு சதவீதம். கீழே இறங்க இறங்கப் பேட்டரி கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் என்பதால் இது நேர்கோட்டில் சரியாது. ஆனாலும் திசை அதுதான்.

ஏன் வாங்கும் திறன் குறைகிறது? பேட்டரி சார்ஜ் இறங்கும்போது இரண்டு வகைத் தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது. சீக்கிரமே முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். பாதியிலேயே கிடந்தால் சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிதாகி இறுகும், குறிப்பாக நெகட்டிவ் தகட்டில். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் பேட்டரி பாதியில் கிடப்பது தற்செயல் இல்லை. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் இலவச மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காகவே இப்படிப் பல வண்டிகள் பேட்டரியை 80 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கின்றன. அதனால்தான் "ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனை அணைத்துவிட்டு ஓட்டினால் சாதாரண பேட்டரி போதுமே" என்ற யோசனையும் பெரும்பாலும் எடுபடுவதில்லை. பட்டன் எஞ்சின் அணைவதைத்தான் தடுக்கும், சார்ஜ் செய்யும் முறையை மாற்றாது.

இரண்டாவது வினை அமிலம் அடுக்கடுக்காகப் பிரிவது. சார்ஜ் ஏறும்போது தகட்டிலிருந்து வெளிவரும் அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். முழுச் சார்ஜ் வரை போனால் கடைசியில் வாயுக் குமிழி எழும்பி அதைக் கலக்கிவிடும். முழுதாக ஏறாத பேட்டரியில் குமிழியே வராது. அடியில் கெட்டி அமிலம், மேலே நீர்த்த அமிலம் என்று நின்றுவிடும். அடிப்பகுதி சல்பேட் ஏறிச் செத்துப்போகும், மேல்பகுதி மட்டும் வேலை செய்து தேயும். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு: வோல்ட்மீட்டர் அடியில் உள்ள கெட்டி அமிலத்தின் பக்கம் சாய்ந்து, பேட்டரி நன்றாக இருப்பதாகவே காட்டும்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். பிடிஎம் லேஅவுட்டிலிருந்து தினமும் ஒயிட்ஃபீல்டு போய் வருகிறார். அவர் வண்டியில் வந்த இஎஃப்பி பேட்டரி போனதும், ஒரு கடையில் அதே அளவு சாதாரண பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். சில மாதத்தில் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்வது நின்றுவிட்டது. கடையில் அளந்துவிட்டு "12.6 வோல்ட் இருக்கு, பேட்டரி பக்கா, சென்சார்தான் கோளாறு" என்றிருக்கிறார்கள். அவர் சென்சார் மாற்றவே தயாராகிவிட்டார். "தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று நான்தான் நிறுத்தினேன்.

நல்ல வேளையாக அது மூடி திறக்கும் வகை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மறுபடி அளந்தோம், அப்போதும் 12.6தான். ஆறு செல், ஒன்றுக்கு 2.10 வோல்ட். அதிலிருந்து 0.84 கழித்தால் அமிலத்தின் அடர்த்தி தோராயமாகக் கிடைக்கும்: 1.26. அப்படியென்றால் ஹைட்ரோமீட்டரும் ஏறக்குறைய 1.26 காட்ட வேண்டும். காட்டியது 1.19. ஹைட்ரோமீட்டர் மேலிருக்கும் அமிலத்தைத்தான் உறிஞ்சும். வோல்ட்மீட்டர் சொல்வதும் மேல் அமிலம் சொல்வதும் இவ்வளவு விலகினால் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். (அண்மையில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியிருந்தாலும் இப்படிக் காட்டும், ஆகவே அதை முதலில் கேட்டுவிட வேண்டும். அவர் ஊற்றவில்லை.) சென்சார் பாவம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நெகட்டிவ் டெர்மினலில் உட்கார்ந்து உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணி, சார்ஜ் கீழே இறங்கிவிட்டது என்று ஸ்டார்ட்-ஸ்டாப்பை நிறுத்தி வைத்திருந்தது.

பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, குறைந்த மின்னோட்டத்தில் 15.5 வோல்ட் வரை ஏற்றிக் குமிழி எழும்ப விட்டோம். மேல் அமிலம் 1.24க்கு வந்தது, அதற்கு மேல் அசையவில்லை. முழுச் சார்ஜில் 1.28 இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் முழுக்க இறுகிப்போன சல்பேட், திரும்பாது. பிறகு இஎஃப்பியே வாங்கிப் போட்டார். இந்த 15.5 வோல்ட் வைத்தியத்தை ஏஜிஎம் பேட்டரியில் தப்பித்தவறியும் செய்யக் கூடாது. அதில் தண்ணீர் போனால் திரும்ப ஊற்ற வழியில்லை.

இஎஃப்பி என்பதும் உள்ளே திரவ அமிலம் உள்ள பேட்டரிதான், ஆனால் இந்த இரண்டு வினைக்கும் மருந்து சேர்த்தது. நெகட்டிவ் தகட்டில் கார்பன் கலந்திருப்பார்கள், சல்பேட் இறுகுவதைத் தள்ளிப்போட்டுச் சார்ஜ் வாங்கும் திறனைக் காப்பாற்ற. பாசிட்டிவ் தகட்டின் மேல் பாலியஸ்டர் வலை ஒட்டியிருக்கும், சார்ஜ் ஓயாமல் ஏறி இறங்கினாலும் தகட்டில் பூசிய ஈயப் பசை உதிராமல் பிடித்துக்கொள்ள. சில வகைகளில் வண்டி ஆடும் ஆட்டத்திலேயே அமிலம் கலக்கும்படி செல்லுக்குள் அமைப்பு வைத்திருப்பார்கள். நம் ஊர்ச் சாலைக்கு அதற்குக் குறைவே இருக்காது!

ஏஜிஎம் வேறு ஜாதி. தகடுகளுக்கு நடுவே கண்ணாடி இழைப் பாய். அமிலம் முழுவதையும் அது ஊறவைத்துப் பிடித்திருப்பதால் அடியில் இறங்க முடியாது. அடுக்குப் பிரிவது பெரும்பாலும் ஒழிந்தது. பாய் தகட்டை இறுக்கி அழுத்தியிருப்பதால் பசையும் உதிராது. இன்னும் ஆழமாக இறங்கி ஏறுவதையும் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். அதன் பலவீனம் வெப்பம். உள்ளே இருக்கும் அமிலமே கொஞ்சம்தான், சூட்டில் காய்ந்தால் போச்சு. அதனால்தான் பல வண்டிகளில் ஏஜிஎம்மை டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைக்கிறார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரி, அதுவும் மே மாதத்து டெல்லியில் என்றால், நான் இஎஃப்பியைத்தான் சொல்வேன். பெங்களூர் கதை தலைகீழ். வெயில் குறைவு, ஆகவே பேட்டரிக்கு நல்லது. ஆனால் ஏசிக்காக எஞ்சின் பாதியிலேயே விழித்துக்கொள்வதும் குறைவு, ஆகவே எஞ்சின் அணைந்து நிற்கும் நேரம் இங்கே அதிகம்.

உங்கள் விஷயத்தில், பழைய பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இஎஃப்பி வந்திருந்தால் இஎஃப்பியே போதும். ஏஜிஎம் வந்த வண்டியில் இஎஃப்பி போடாதீர்கள், அந்த வண்டியின் சார்ஜ் முறையும் சுமையும் ஏஜிஎம்மை மனதில் வைத்து அமைத்தவை. சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதைக் கணினிக்கு ஸ்கேனர் வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய கிழட்டுப் பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். கடையில் டெஸ்டர் வைத்துப் பார்த்தால், அதில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்று ஒரு பார்வை பாருங்கள், தவறாக இருந்தால் முடிவும் தவறும்.

வார நாட்களில் முழுக்க நெரிசலில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், மாதம் ஒரு முறை ஸ்மார்ட் சார்ஜர் போட்டு இரவு முழுக்க ஏற்றுங்கள். இஎஃப்பி, ஏஜிஎம் இரண்டுக்கும் 14.4 முதல் 14.8 வோல்ட் போதும். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி டெர்மினலில் மாட்டாமல் வண்டியின் உலோக பாடியில் மாட்டுங்கள். டெர்மினலில் நேராக மாட்டினால் சார்ஜ் ஏறுவது சென்சாரைத் தாண்டிப் போய்விடும். பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி அதைக் காலியென்றே நினைக்கும்.