நோயாளியின் படிவம் குப்பை எழுத்தாக வந்தால் பதில் மெயில் எப்படி எழுதுவது?

கேள்வி: காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எங்கள் வெப்சைட்டில் அப்பாயின்ட்மென்ட் படிவம் நிரப்பினால் அது எனக்கு மெயிலாக வரும். நேற்று ஒருவருடைய படிவத்தில் மொபைல் நம்பர், வயது, தேதி மூன்றும்தான் படிக்கிற மாதிரி இருக்கிறது. பெயர், ஊர், தொந்தரவு எல்லாம் ஏதேதோ எழுத்து. தொந்தரவு என்ற இடத்தில் `à®®à¯à®´à®™à¯à®•à®¾à®²à¯ à®µà®²à®¿` என்று இருக்கிறது. எலும்பு டாக்டர் மதுரையிலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மனம் நோகாமல் எப்படிக் கேட்டு எழுதுவது? மறுபடியும் படிவம் நிரப்பச் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். அதே படிவத்தை அவர் மறுபடி நிரப்பினாலும் அதே குப்பைதான் வந்து சேரும். பிசகு அவர் தட்டியதில் இல்லை, உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருக்கும் அந்த ஒரு வரியை வைத்தே இதைச் சொல்லிவிட முடியும்.

யூனிகோடில் தட்டிய ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகப் பயணம் செய்கிறது. முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே வகைகளில் ஒன்றாக இருக்கும். வாங்கும் பக்கத்து மென்பொருள் இது தமிழ் என்று தெரியாமல் மேலைநாட்டு எழுத்து அட்டவணையை வைத்துப் படித்தால், முதல் பைட் `à` ஆகவும் இரண்டாவது `®` அல்லது `¯` ஆகவும் தெரியும். ஆகவே `à®`, `à¯` என்று திரும்பத் திரும்ப வந்தால், அனுப்பியவர் சரியாகத்தான் தமிழில் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம். எண்களும் ஆங்கில எழுத்தும் இரண்டு அட்டவணையிலும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் மொபைல் நம்பரும் தேதியும் தப்பித்தன.

எழுதுவதற்கு முன் ஒரு ஐந்து நிமிடம் செலவழித்து அந்த வரிகளை மீட்டுப் பாருங்கள். விண்டோஸ் நோட்பேடில் அதை ஒட்டி, `Save As` போய், கீழே `Encoding` என்ற இடத்தில் `ANSI` வைத்துச் சேமியுங்கள். பிறகு `File > Open` வழியாக அதே கோப்பை, `Encoding` இடத்தில் `UTF-8` வைத்துத் திறங்கள். நீங்கள் அனுப்பிய வரி இப்படி வரும்:

```
ம�ழங�கால� வலி
```

முழங்கால் வலி. தமிழ் தெரிந்த யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் ஓட்டை விழுந்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள். ஓர் உகரக் கொம்பும் இரண்டு புள்ளிகளும் காணோம். அந்த மேலைநாட்டு அட்டவணையில் சில கட்டங்கள் காலி. உகரக் குறி, மெய்யெழுத்தின் புள்ளி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட் அந்தக் காலிக் கட்டங்களில் போய் விழுகிறது. சில மென்பொருள்கள் அந்தப் பைட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் காப்பாற்றிக் கொண்டுவரும். அப்போது முழு வரியும் மீண்டுவிடும். உங்களுக்கு வந்ததில் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

வாக்கியத்தில் உதிர்ந்ததை ஊகித்துக்கொள்ளலாம். பெயரில் முடியாது. `ராம�` என்றிருந்தால் அது ‘ராமு’வா, ‘ராம்’ என்பதா? `ராஜ�` என்பது ‘ராஜு’வா, ‘ராஜ்’ என்பதா? சரி, மொபைல் நம்பரை வைத்துப் பழைய பதிவில் தேடலாமே என்று தோன்றும். உங்கள் ஊரில் அது இன்னும் சிக்கல். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் பெரியவர்களுக்காகச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் படிவம் நிரப்பியிருப்பார். ஒரே நம்பரில் ஆச்சி, ஐயா, மருமகள் என்று மூன்று பேர் பதிவாகியிருப்பார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மீட்ட வரியை உங்கள் புரிதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பார்க்கும் சீட்டில் அதை ஏற்ற வேண்டாம்.

ஒருவேளை எல்லா இடத்திலும் வெறும் `?????` வந்திருந்தால் மீட்க ஒன்றுமே இல்லை. எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேள்விக்குறியைச் சேமித்திருக்கிறது கணினி. அப்போதும் கீழே உள்ள மெயில் பொருந்தும்.

இனி மெயில். இந்த அளவு போதும்:

> பொருள்: வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் – ஒரு சிறு விவரம் தேவை
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> தாங்கள் அனுப்பிய அப்பாயின்ட்மென்ட் படிவம் நேற்று கிடைத்தது. நன்றி. எங்கள் கணினியில் ஏற்பட்ட கோளாறால் அதில் தமிழில் இருந்த வரிகள் சரியாகத் தெரியவில்லை. தங்கள் மொபைல் நம்பர், வயது, தாங்கள் கேட்ட தேதி மூன்றும் தெளிவாக உள்ளன. அந்தத் தேதியில் காலை 11 மணிக்குத் தங்களுக்காக ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.
>
> சிகிச்சைக்கு வருபவரின் பெயர், ஊர் இரண்டை மட்டும் இந்த மெயிலுக்குப் பதிலாக எழுதி அனுப்பினால் போதும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். போனில் சொல்வது வசதி என்றால், தங்கள் பழைய மருந்துச் சீட்டில் உள்ள கிளினிக் நம்பருக்குக் காலை 9 முதல் இரவு 8 வரை அழைக்கலாம். உடல் தொந்தரவு பற்றி மெயிலில் எழுத வேண்டாம்; நேரில் வரும்போது டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். படிவத்தை மறுபடி நிரப்பத் தேவையில்லை.
>
> புதன்கிழமை மாலை 5 மணிக்குள் (இந்திய நேரம்) தங்கள் பதில் வராவிட்டால், நாங்களே தங்கள் மொபைலுக்கு அழைத்துக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.
>
> இப்படிக்கு,
> (பெயர்), வரவேற்புப் பிரிவு

‘அன்புடையீர்’ என்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கவுண்டரில் நீங்கள் ‘வாங்க ஆச்சி’ என்று கூப்பிடுவது அழகுதான், ஆனால் இந்த மெயிலைத் திறப்பது ஆச்சியா, மகனா, பேத்தியா என்று தெரியாது. மெயில் முகவரியில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘திரு. இன்னார்’ என்று போட்டால் பாதி நேரம் தவறாகப் போகும். அன்புடையீர் யாருக்கும் பொருந்தும், மரியாதையும் குறையாது.

எது தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, எது தெரியவில்லை என்பதில் இரண்டை மட்டும் கேட்டிருக்கிறேன். ‘தங்கள் படிவம் முறையாக நிரப்பப்படவில்லை’ என்ற அலுவலக வாக்கியம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்காரர் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்பியிருப்பார். அதைப் படித்தால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். அது உண்மையும் இல்லை. அதற்காக ஐந்து இடத்தில் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். கடைசியில் ஒரு வரி போதும்.

குப்பை எழுத்தை மெயிலில் ஒட்டிக் காட்டாதீர்கள். வைரஸ் என்று பயந்து அழித்துவிடுபவர்கள் உண்டு. லிங்க் எதுவும் வைக்காததும், ஆதார் கேட்காததும், போன் நம்பரைப் பழைய சீட்டில் பார்க்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். ‘விவரம் தெரியவில்லை, இங்கே அழுத்துங்கள்’ என்று வரும் மோசடி மெயில்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவர் புது நோயாளியாக இருக்கலாம் என்று பட்டால் சீட்டு என்பதற்குப் பதில் ‘வெப்சைட்டில் உள்ள நம்பர்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள் வரியில் ‘முழங்கால் வலி’, ‘எலும்பு டாக்டர்’ என்றெல்லாம் போட வேண்டாம். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போனில் அந்த வரி பூட்டிய திரையிலேயே தெரியும். முழங்கால் என்றால் பரவாயில்லை. அடுத்த படிவம் வேறு ஏதாவதாக இருக்கும்.

இந்திய நேரம் என்று குறித்தது சிங்கப்பூர், மலேசியா பிள்ளைகளுக்காக. அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. நமக்கு மாலை 5 என்றால் அங்கே இரவு ஏழரை.

அனுப்பும்போது மெயில் பெட்டியிலேயே நேராகத் தட்டுங்கள். பல கிளினிக்கில் பழைய கடிதங்கள் பாமினி மாதிரி எழுத்துருவில் வேர்டில் இருக்கும். அதிலிருந்து எடுத்து ஒட்டினால் உங்கள் ‘வணக்கம்’ அவருக்கு `tzf;fk;` என்று போய்ச் சேரும். குப்பையாக வந்ததற்கு வருத்தம் தெரிவிக்கும் மெயிலே குப்பையாகப் போவதைவிடச் சங்கடம் வேறில்லை.

படிவங்களை எக்செல் கோப்பாகவும் எடுத்து வைக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் இதே `à®` வரலாம். அங்கே கோப்பு நன்றாகத்தான் இருக்கும், திறந்த விதம்தான் கோளாறு. காலி எக்செல் பக்கத்தில் `Data > From Text/CSV` போய், `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். குப்பையாகத் திறந்த கோப்பை மட்டும் சேமித்துவிடாதீர்கள். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க மொபைல் நம்பரை எக்செல் `9.19E+11` என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே கோப்பில் ஏறிவிடும். தப்பிப் பிழைத்த மொபைல் நம்பரும் போய்விடும்.

வெப்சைட் பார்த்துக்கொள்பவரிடம், படிவத்திலிருந்து புறப்படும் மெயிலின் தலைப்பகுதியில் இந்த வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்:

```
Content-Type: text/plain; charset=UTF-8
```

அவர் ‘சரி பண்ணியாச்சு’ என்றதும் நீங்களே ஒரு படிவம் நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பெயர் என்ற இடத்தில் ‘ஏழு ஐந்து பல்’ என்று போடுங்கள். உதிரக்கூடிய நான்கும் அதில் இருக்கின்றன. அது அப்படியே வந்து சேர்ந்தால் மற்ற தமிழ் எழுத்துகளும் வந்துவிடும். ஓர் எழுத்து குறைந்து வந்தாலும் வேலை முடியவில்லை என்று அவரிடமே திருப்பி அனுப்புங்கள். அதுவரை வெப்சைட்டில் படிவத்துக்கு மேலே ‘போனிலும் பதிவு செய்யலாம்’ என்று நம்பரோடு ஒரு வரி போட்டு வையுங்கள்.