கேள்வி-பதில்: தேசிக்காய்த் தண்ணீரும் முத்துமாலையும்

அம்மாவின் முத்துமாலை மங்கிப்போயிருந்தது. தங்கச் சங்கிலிக்குச் செய்வதுபோல் பழப்புளியும் தேசிக்காய்ச் சாறும் கலந்த தண்ணீரில் இரவு ஊறவைத்தேன். காலையில் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. பளபளப்பு திரும்புமா? – வாசகி, பரந்தன்

முன்னிருந்தபடி திரும்பாது. முத்தின் மேற்படை கல்சியம் காபனேற்று. புளிப்பு எதில் இருந்தாலும் அதைக் கரைக்கும். மிக மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால்தான் முத்தில் ஒளி அப்படித் தெறிக்கிறது. நீங்கள் அந்த மேலடுக்கைச் சொரசொரப்பாக்கிவிட்டீர்கள்.

மெருகேற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே கொடுத்துவிடாதீர்கள். மெருகு என்பது இருக்கும் படையை இன்னும் கொஞ்சம் தேய்ப்பதுதான். முதலில் துளையின் வாயை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். மெல்லிய தோல் ஒன்றும் உள்ளே வேறு மணியும் கோடு பிரித்ததுபோல் தெரிந்தால் அது மணி வைத்து வளர்த்த முத்து. தேய்த்தால் மணி வெளியே தெரியும், விட்டுவிடுங்கள். கோடு இல்லாமல் உள்ளேயும் ஒரே படையாக இருந்தால், அநேகமாக நன்னீர் முத்து, ஓரளவு தேறலாம்.

வற்றாப்பளைப் பொங்கலன்று காலை முதல் இரவு வரை மாலையை அணிந்திருந்தேன். பல வருடமாக இப்படித்தான். இப்போது பிடரிப் பக்கத்து முத்துகள் மட்டும் ஒளி குறைந்துள்ளன. கடைக்காரர் நடுவில் நல்லதும் பின்னால் மட்டமானதும் கோத்துவிட்டாரா? – புதுக்குடியிருப்பு

கடைக்காரரைத் திட்டுவதற்குக் காரணம் தேடவேண்டாம், இது உங்கள் வியர்வை. வைகாசி வெயிலில் பிடரியில்தான் அது அதிகம் தேங்கும். அதிலும் மெல்லிய புளிப்பு உண்டு. கழற்றியவுடன் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒரு தரம். சந்தனமும் மஞ்சளும் பட்டிருந்தால் அன்றிரவே துடைக்க வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் துளை வழியாக நூலில் கறை ஏறிவிடும்.

மாலையை அணிந்த பிறகு சென்ட் அடிக்கலாமா? – மாங்குளம்

கூடாது. சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடிந்து, கடைசியாக மாலை.

வவுனியாவில் தங்கையின் கலியாண மண்டபத்தில் மாலை அறுந்து முத்துகள் சிதறின. ஒன்பது முத்துகள் கிடைக்கவில்லை. வாங்கி இரண்டு வருடம்தான். கடையில் கேட்டால் "நூல் என்றால் அறும்தானே" என்கிறார்கள். – கனகராயன்குளம்

உங்களுக்காக எனக்கு மனம் எரிகிறது. நூல் அறும், உண்மை. ஆனால் ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போட்டிருந்தால் ஒன்றோ இரண்டோதான் உருண்டிருக்கும். முடிச்சுப் போட நேரமும் நூலும் கூடுதலாகச் செலவாகும். அதை மிச்சம் பிடித்துவிட்டு முழு விலையும் வாங்குகிறார்கள். கொழும்பில் நான் வாங்கிய ஒரு மாலையும் இதே கதைதான். முடிச்சே இல்லாத நைலோன் நூல், முத்தோடு முத்து உரசி துளை ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது. பட்டுநூலில் முடிச்சிட்டுக் கோத்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள், இரண்டு முத்துகளை விலக்கி நீங்களே பாருங்கள்.

பட்டுநூலும் தொங்கவிட்டால் நீளும். அலுமாரிக் கதவின் ஆணியில் மாலையை மாட்டுகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும். மாலையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: முத்துக்கும் முடிச்சுக்கும் இடையில் நூல் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அடிக்கடி அணிபவர்கள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கோத்துக்கொள்வது நல்லது. நூல் நனைந்துவிட்டால் துணியில் நீட்டிக் கிடத்தி முழுவதும் காயும்வரை அணியவேண்டாம். ஈரப் பட்டு இன்னும் எளிதாக இழுபடும்.

கனடாவில் இருக்கும் மகள் வரும்வரை மாலையைப் பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டி, வளையல்களோடு வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமா? – கிளிநொச்சி

பெட்டகம் சரி, பை சரியில்லை, வளையலும் சரியில்லை. முத்துக்குள் சிறிதளவு நீர் உண்டு; நீண்டகாலம் மிக வறண்ட இடத்தில் கிடந்தால் மயிரிழை வெடிப்பு வரும். காற்றுப் புகாத பையில் அடைக்காமல், மெல்லிய பருத்தித் துணிப்பையில், சுருட்டாமல் படுக்கையாக வையுங்கள். முத்து தங்கத்தையும் கல்லையும் தாங்காது, கீறல் விழும். வளையலுக்கு வேறு பை. வருடத்தில் சில தடவை வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஓரிரு மணிநேரம் அணிந்துவிட்டு வையுங்கள்.

சிலாபத்துறையில் குளித்தெடுத்த அசல் முத்து என்று ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து விற்றார். இப்போது மேல்தோல் உரிகிறது. – மல்லாவி

உரிவது சாயம், உள்ளே கண்ணாடி அல்லது பிளாஸ்ரிக். சிலாபத்துறைப் பெயர் பழைய முத்துக்குளிப்பில் பெற்ற பெயர். இன்று சந்தையில் கிடைக்கும் நன்னீர் முத்துகள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருபவை. அடுத்த தடவை வாங்குமுன் முத்தை முன்பல்லில் மெதுவாக உரசுங்கள். அசலில் மணல் நெருடுவதுபோல் இருக்கும், போலி வழுக்கும். அந்த ஆள் ரசீது தந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். தரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.